"நேத்து அனுப்பியிருக்கேன்": இதை ஆங்கில மெயிலில் அப்படியே எழுதினால் என்ன தப்பு?

செங்காங்வாசி · 8 மார்ச் 2025, காலை 10:12

நேற்று சாயங்காலம் ஒரு 'ஹேவ்' என்னை ரயிலை விட்டு இறக்கியது. கதையைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் குளிரூட்டிக் குழாய் மாற்றும் வேலை. நான் ஒருங்கிணைப்பாளர். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கட்டட மேலாளருக்கு வார முன்னேற்ற மெயில் போய்விட வேண்டும். அந்தம்மா சீனப் பெண்மணி, ஒரு வரி விடாமல் படிப்பவர். நேற்று நான் எழுதியதில் நான்கு வரி:

```
We have isolated the L5 smoke detectors on Tuesday for hot work.
Welding is completed.
We have sent the test report yesterday.
The valve supplier did not reply.
```

மாலை 6:40. வீட்டுக்குப் போகிற ரயிலில் நிற்கிறேன், போன் வருகிறது. "செவ்வாயிலிருந்து ஐந்தாம் மாடி ஐசோலேட் ஆகியே இருக்கிறதா? மூன்று ராத்திரி ஸ்மோக் டிடெக்டர் இல்லாமலா? ஃபயர் வாட்ச் யார் பார்த்தது?"

வெல்டிங் முடிந்த அன்றைக்கே, செவ்வாய் மாலை 5 மணிக்கே, டிடெக்டர்களை மறுபடி ஓடவிட்டு நார்மலைஸ் பண்ணியாகிவிட்டது. அது எனக்கும் டெக்னீஷியனுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. அடுத்த நிலையத்தில் இறங்கி, டெக்னீஷியனைப் பிடித்து, பேனலைப் படம் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். ஐசோலேட் விளக்கு எரியாத பேனல். அதைப் பார்த்த பிறகுதான் அந்தம்மா அமைதியானார்.

இரவு ஒரு மெயில் வந்தது: உன் வாக்கியத்தில் 'ஹேவ்' இருந்ததால் இன்னும் ஐசோலேட் ஆகி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதுதான் கேள்வி. 'ஆன் டியூஸ்டே' என்று நாள் போட்டிருக்கிறேனே, அது போதாதா? "செவ்வாய்க்கிழமை ஐசோலேட் பண்ணியிருக்கோம்" என்று தமிழில் சொன்னால் யாருக்கும் உறுத்தாதே.

துவாஸ் மாணிக்கம் · 8 மார்ச், காலை 10:50

தம்பி, இலக்கணத்தைக் குறை சொல்லாதே. நார்மலைஸ் பண்ணியதை நீ எழுதவே இல்லை, அதுதான் தப்பு. இருபது வருசமா பெர்மிட்டோட குப்பை கொட்டுறேன். ஐசோலேட் பண்ணின வரி இருந்தா அடுத்த வரியிலே நார்மலைஸ் பண்ணின நேரம் இருக்கணும். ஹேவ் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தம்மா போன் பண்ணியிருப்பாங்க.

செங்காங்வாசி · 8 மார்ச், காலை 11:05

நியாயம்தான் அண்ணே. ஆனால் அவர் பதிலில் சொன்னது 'ஹேவ்' என்கிற ஒரு சொல்லைத்தான். வெறும் 'வீ ஐசோலேட்டட்' என்று இருந்தால் "எப்போது திருப்பிப் போட்டீர்கள்?" என்று கேட்டிருப்பாராம். அதாவது, சந்தேகம் வந்திருக்கும், பயம் வந்திருக்காது.

சாங்கி ஐடி · 8 மார்ச், பகல் 12:31

ஊரில் எங்கள் ஆங்கில வாத்தியார் சொன்ன சுலபமான வழி: நேற்று, போன வாரம் என்று முடிந்த காலம் வந்தால் 'ஹேவ்' கூடாது, 'ஹேட்' போட வேண்டும். 'ஐ ஹேட் சென்ட் த மெயில் எஸ்டர்டே'. நான் எட்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

தெம்பனிஸ் அம்மா · 8 மார்ச், பகல் 1:15

என் பையன் இந்த வருடம் பிஎஸ்எல்இ எழுதுகிறான். கோடிட்ட இடத்தில் 'சின்ஸ்' வந்தால் 'ஹேவ்', 'அகோ' வந்தால் 'ஹேவ்' இல்லை என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது அதே விஷயம்தானா? அப்படியே கேட்டுவிடுகிறேன், 'ஐ ஆம் ஸ்டேயிங் ஹியர் சின்ஸ் 2010' தப்பா? நான் இதுவரை எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பழைய ஆசிரியை · 8 மார்ச், மாலை 4:20

உயர்நிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். தெம்பனிஸ் அம்மாவுக்கு முதலில்: டியூஷனில் சொன்னது சரி. நீங்கள் எழுதுவது தவறு, 'ஐ ஹேவ் பீன் ஸ்டேயிங்' என்று வர வேண்டும். ஆனால் அது வேறு கதை. 2010-இல் தொடங்கிய குடியிருப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பேசுவது முடிந்த வேலைகளைப் பற்றி.

சாங்கி ஐடி, உங்கள் வாத்தியார் பாதி சரி. 'நேற்று' வந்தால் 'ஹேவ்' போகாது, அது உண்மை. அதற்கு மாற்று 'ஹேட்' இல்லை. 'ஹேட் சென்ட்' என்றால், நேற்றே நடந்த இன்னொன்றுக்கு முன்னால் அனுப்பியிருந்தேன் என்று பொருள். 'ஹேட் சென்ட்' என்று படிக்கிறவர் "சரி, அதற்கப்புறம் என்ன ஆனது?" என்று காத்திருப்பார். அதற்கப்புறம் நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை. எட்டு வருடமாக யாரும் சொல்லாததற்குக் காரணம், நம் ஊர்களில் பாதிப் பேர் அப்படியே எழுதுவதுதான். வெறும் 'ஐ சென்ட்' போதும்.

இப்போது செங்காங்வாசி. 'ஹேவ்' நிகழ்கால வினை. அதைப் போட்ட உடனே வாக்கியம், படிக்கிறவர் இருக்கும் வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொள்கிறது. 'ஆன் டியூஸ்டே' அதே வாக்கியத்தைச் செவ்வாயில் ஆணி அடிக்கிறது. இரண்டும் சேராது. படிக்கிறவர் ஒன்றைத் தூக்கிப் போட்டால்தான் பொருள் கிடைக்கும். உங்கள் மேலாளர் செவ்வாயை "எப்போதிலிருந்து" என்று எடுத்துக்கொண்டு, 'ஹேவ்' என்பதை நம்பியிருக்கிறார். அவர் வேலைக்கு அதுதான் பாதுகாப்பான பக்கம்.

தமிழில் ஏன் உறுத்தவில்லை என்று கேட்டீர்கள். 'அனுப்பியிருக்கிறேன்' என்பதற்குத் தமிழ் எந்த நாளையும் அனுமதிக்கிறது. நேற்று அனுப்பியிருக்கிறேன், போன தீபாவளிக்கு அனுப்பியிருக்கிறேன், எல்லாம் ஓடும். பள்ளியில் 'ஹேவ் சென்ட் என்றால் அனுப்பியிருக்கிறேன்' என்று நாங்களே சொல்லிக்கொடுத்தோம். வடிவம் ஒத்துப்போகிறது, நாள் சேர்க்கும் உரிமை ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

சாங்கி ஐடி · 8 மார்ச், மாலை 5:02

எட்டு வருடம் போச்சே டீச்சர்.

செங்காங்வாசி · 9 மார்ச், காலை 9:30

ராத்திரி ஒரு சோதனை. மனைவியிடம் போய், "செவ்வாய்க்கிழமை கேஸை மூடியிருக்கேன்" என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இன்னும் மூடித்தான் இருக்கா?" பிறகு, "மூணு நாளா நான் சமைச்சது எதுல?"

அதனால் முதல் பதிவில் நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன். தமிழிலும் 'மூடியிருக்கேன்' என்றால் மூடியது மூடியபடி இருக்கிறது என்றுதான் காதில் விழுகிறது. 'மூடினேன்' என்றால் பிறகு திறந்திருக்கலாம். ஆக, மேலாளரைப் பயமுறுத்தினது ஆங்கிலத்தின் குணம் மட்டும் இல்லை, தமிழிலும் அதே வேலை நடக்கிறது. தமிழ் எனக்குக் கொடுத்த தப்பான தைரியம், நாளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான்.

பழைய ஆசிரியை · 9 மார்ச், காலை 10:15

நல்ல சோதனை. இதை நான் வகுப்பில் யோசித்ததே இல்லை.

ஒன்று சேர்க்கிறேன். பேச்சில் நாம் அதிகம் சொல்வது 'அனுப்பிட்டேன்'. அது முடிந்தது, விஷயம் தீர்ந்தது என்கிற தொனி. அதற்கு இணையாகச் சிங்கப்பூரில் வாயில் வருவது 'சென்ட் ஆல்ரெடி'. இங்கே அந்த 'ஆல்ரெடி' வினைச்சொல் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது. 'ஐ சென்ட் ஆல்ரெடி' என்று காப்பிக்கடையில் சொன்னால் எல்லாருக்கும் புரியும். மெயிலில் 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட்' என்று எழுதச் சொல்வேன். அமெரிக்கர் 'ஐ ஆல்ரெடி சென்ட்' என்று எழுதினால் அது அவர்கள் வழக்கம், தவறில்லை. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றியதால் நாங்கள் சிவப்பு மையால் சுழித்தோம்.

துவாஸ் மாணிக்கம் · 9 மார்ச், பகல் 2:40

இவ்வளவு வேலை எதுக்கு? வினைச்சொல்லையே எடுத்துடு. அட்டவணை போடு. 'வெல்டிங் எல்5: கம்ப்ளீட்டட், 4 மார்ச்'. ஹேவும் இல்லை ஹேடும் இல்லை. எங்க கம்பெனியிலே அப்படித்தான்.

செங்காங்வாசி · 9 மார்ச், பகல் 3:10

அண்ணே, அதே அட்டவணையில் இந்த வரியைப் போட்டுப் பாருங்கள்:

```
L5 smoke detectors: isolated, 4 Mar
```

இது 4-ஆம் தேதி நடந்ததா, 4-ஆம் தேதியிலிருந்து இருக்கும் நிலையா? முன்பு 'ஹேவ்' தப்பான பதிலையாவது சொன்னது. இங்கே பதிலே இல்லை. வெல்டிங் மாதிரி ஒரு தடவை முடிந்தால் முடிந்ததுதான் என்கிற வேலைக்கு அட்டவணை நன்றாக ஓடும். மூடுவது, அணைப்பது, துண்டிப்பது மாதிரி திருப்பிப் போடக்கூடிய வேலைக்குத்தான் இது வழுக்குகிறது.

துவாஸ் மாணிக்கம் · 9 மார்ச், பகல் 3:25

சரி, அதுக்கு ரெண்டு கட்டம் போடு. ஆஃப் பண்ணின நேரம், ஆன் பண்ணின நேரம். ரெண்டாவது காலி இருந்தா இன்னும் ஆஃப். நான் முதல்லே சொன்னதும் இதையேதான்.

செங்காங்வாசி · 9 மார்ச், பகல் 3:31

ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிக்கு மட்டும் உங்கள் அட்டவணை.

உட்லண்ட்ஸ் கொள்முதல் · 10 மார்ச், காலை 8:55

நான்காவது வரியை யாரும் கவனிக்கவில்லையே. 'த வால்வ் சப்ளையர் டிட் நாட் ரிப்ளை'. நான் சப்ளையர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், அதனால் எனக்கு இதுதான் முதலில் கண்ணில் குத்தியது. அந்த மெயிலில் சப்ளையர் சிசியில் இருந்தாரா?

செங்காங்வாசி · 10 மார்ச், காலை 9:20

இருந்தார் அக்கா. அதுவும் ஒரு கூத்து. இன்று காலை அவர் எல்லாருக்கும் பதில் போட்டிருக்கிறார்: உங்கள் கேள்வி வியாழக்கிழமைதான் வந்தது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பதில் தராமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்களே என்று.

உட்லண்ட்ஸ் கொள்முதல் · 10 மார்ச், காலை 9:48

அவர் கோபம் நியாயம். 'டிட் நாட் ரிப்ளை' என்றால் காத்திருந்தோம், நேரம் போய்விட்டது, கணக்கை மூடிவிட்டோம். 'ஹேஸ் நாட் ரிப்ளைட்' என்றால் இதுவரை வரவில்லை, கதவு திறந்திருக்கிறது. கடைசியில் ஒரு 'யெட்' சேர்த்தால், வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்கிற மரியாதையும் வந்துவிடும். நான் 'டிட் நாட்' எழுதுவது ஒரே சமயத்தில்: டெண்டர் மூடும் நேரம் தாண்டிய பிறகு. 'தே டிட் நாட் சப்மிட் பை 4 பிஎம்'. அப்போது அது உண்மை, நாலரைக்கு அவர்கள் ஓடி வந்தாலும் பயனில்லை.

இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்காது. 'பதில் வரலை' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. 'இன்னும் வரலை' என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். 'இன்னும்' ஒட்டினால் 'ஹேஸ் நாட்'. ஒட்டாவிட்டால் 'டிட் நாட்'.

தெம்பனிஸ் அம்மா · 10 மார்ச், காலை 11:30

இந்த 'இன்னும்' நல்லா இருக்கு. பையனிடம் சொல்லிவிட்டேன். அவன் சோதிக்க, "அம்மா ஹேஸ் நாட் கிவன் மீ பாக்கெட் மணி" என்றான். இன்னும் தரலையாம். நான் "டிட் நாட்" என்று சொல்லிக் கணக்கை மூடிவிட்டேன்.

சாங்கி ஐடி · 10 மார்ச், இரவு 8:05

ஒரு சந்தேகம், இது நிஜமாகவே தினமும் வருகிறது. காலை 9 மணிக்கு ஒரு வேலையை முடிக்கிறேன். 'திஸ் மார்னிங்' என்று எழுதும்போது ஹேவா, வெறும் பாஸ்டா?

பழைய ஆசிரியை · 10 மார்ச், இரவு 9:00

மெயிலை 11 மணிக்கு எழுதினால் காலை இன்னும் முடியவில்லை, 'ஹேவ்' போகலாம். மாலை 4 மணிக்கு எழுதினால் காலை முடிந்துவிட்டது, 'ஐ டெஸ்டட் இட் திஸ் மார்னிங்'. 'திஸ் வீக்' வெள்ளிக்கிழமை மெயிலில் 'ஹேவ்' தாங்கும். அதே அறிக்கையைத் திங்கட்கிழமை 'லாஸ்ட் வீக்' என்று மாற்றி அனுப்பினால் எல்லா 'ஹேவ்'களையும் எடுக்க வேண்டும். தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சாங்கி ஐடி · 10 மார்ச், இரவு 9:12

11 மணிக்கு நான் எழுதி, அவர் 3 மணிக்குப் படித்தால்?

பழைய ஆசிரியை · 10 மார்ச், இரவு 9:40

எழுதும் நேரம்தான் கணக்கு என்பது மரபு. ஆனால் உங்கள் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. செங்காங்வாசியின் மேலாளர் மதியம் வந்த மெயிலை 6:40-க்குத் தன் நேரத்தில் வைத்துத்தான் படித்தார். அவ்வளவு சந்தேகம் இருந்தால் 9 மணி என்று எழுதி வெறும் பாஸ்டைப் போடுங்கள்.

சாங்கி ஐடி · 10 மார்ச், இரவு 9:55

எங்கள் ஆஸ்திரேலிய மேலாளர் "ஐ'வ் ஸ்போக்கன் டு தெம் எஸ்டர்டே" என்று சாதாரணமாகச் சொல்கிறார். அவர் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர். அவரை யார் சுழிப்பது?

பழைய ஆசிரியை · 11 மார்ச், காலை 7:30

நடந்ததைக் கதையாகச் சொல்லும்போது ஆஸ்திரேலியர் பேச்சில் அந்த வழக்கம் உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். எழுத்தில் அவர்களும் குறைத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். சுழிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

செங்காங்வாசி · 11 மார்ச், இரவு 10:20

வெள்ளிக்கிழமை மெயிலைத் திருப்பி எழுதிப் பார்த்தேன். டீச்சர், பாருங்கள்:

```
Welding at L5 has been completed.
For this, we isolated the smoke detectors on Tue 4 Mar at 9 am
and normalised them at 5 pm the same day.
We sent the test report on Thu 6 Mar.
The valve supplier has not replied yet.
```

எழுதும்போது ஒன்று தெரிந்தது. முதல் வரி இன்றைய நிலை: வெல்டிங் முடிந்திருக்கிறது, அதனால் 'ஹேஸ் பீன்'. அதற்குக் கீழே எப்போது, எப்படி என்று இறங்கினதும் எல்லாம் வெறும் பாஸ்ட். கடைசியில் நிலுவைக்கு வந்ததும் மறுபடி 'ஹேஸ்'. முன்பெல்லாம் 'ஹேவ்' போட்டுத் தொடங்கினால் மரியாதை கருதி கடைசி வரை 'ஹேவ்' போட்டுக்கொண்டே போவேன். வெறும் பாஸ்ட் ஏதோ மொட்டையாக, அவசரமாக எழுதின மாதிரி தோன்றும்.

பழைய ஆசிரியை · 12 மார்ச், காலை 7:45

சரியாக இருக்கிறது. 'எஸ்டர்டே' என்பதை எடுத்துவிட்டுத் தேதி போட்டதும் நல்லது, மெயிலைத் திங்கட்கிழமை படிக்கிறவருக்கு 'நேற்று' ஞாயிறு. 'ஹேவ்' மரியாதைச் சொல் என்கிற எண்ணம் என் மாணவர்களுக்கும் இருந்தது. நீளமான வினை என்பதால் வந்த மயக்கம்.

துவாஸ் மாணிக்கம் · 12 மார்ச், பகல் 12:10

நார்மலைஸ் வரி வந்துடுச்சு. நான் திருப்தி.

சம்பந்தம் இல்லாத ஒண்ணு. எங்க சூப்பர்வைசரைக் கேட்டு ஒருத்தர் போன் பண்ணாரு. பங்களாதேஷ் பையன் எடுத்து "ஹி ஹேஸ் பீன் டு சைட்"ன்னுட்டான். சூப்பர்வைசர் போயிட்டுத் திரும்பிட்டாருன்னு நினைச்சு, போன் பண்ணினவர் ஆஃபீஸ்லே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. 'ஹேஸ் கான்'னு சொல்லியிருக்கணும்னு பிறகு தெரிஞ்சுது. தமிழ்லே 'சைட்டுக்குப் போயிருக்காரு'ன்னா அங்கேதான் இருக்காரு. 'மலாக்காவுக்குப் போயிருக்கேன்'னு நான் சொன்னா போயிட்டு வந்தவன். ஒரே சொல்.

செங்காங்வாசி · 14 மார்ச், மாலை 5:35

இந்த வார மெயில் மதியம் போனது. போன் வரவில்லை. நான்கு மணிக்கு மேலாளரிடமிருந்து பதில் வந்தது:

```
Noted with thanks. I have forwarded last week's report to the owner on Monday.
```

'ஹேவ்', கூடவே 'மண்டே'. நான் வாங்கிக்கட்டிக்கொண்ட அதே வரி. திரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யோசித்தால், இதைப் படித்து நான் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பிடுங்க முடியாது. திங்கள் அனுப்பினாலும், அனுப்பிய நிலை இன்றும் அதேதான். டிடெக்டரை ஐசோலேட் பண்ணினால் திருப்பிப் போடலாம், அதனால் அங்கே 'ஹேவ்' ஒரு தகவல் ஆகிவிட்டது. என் மெயிலிலேயே மூன்றாவது வரியில் இதே தப்பு இருந்தும் அந்தம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போதுதான் கவனிக்கிறேன்.

சொல்லிவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது.

உட்லண்ட்ஸ் கொள்முதல் · 14 மார்ச், மாலை 5:41

பேசாம வீட்டுக்குப் போ தம்பி. அடுத்த மாசம் பேமென்ட் அவங்க கையெழுத்துலதான் வரணும்.

செங்காங்வாசி · 14 மார்ச், மாலை 5:44

ரயில் ஏறிட்டேன் அக்கா.

சாங்கி ஐடி · 14 மார்ச், மாலை 5:52

இன்னும் ரயிலில்தானே?